பரிந்துரைச் சீட்டுக்குப் பிறகு என்ன ஆனது? வாய்ப் பரிசோதனை முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வாய்ப்புற்றுநோய்க் கண்டறிதல் முகாம் நடத்தும் சுகாதார அலுவலர்களுக்கும், பல் மருத்துவக் கல்லூரிகளுக்கும், தொண்டு அமைப்புகளுக்கும்,

வணக்கம். நான் வாய்நோய் மருத்துவம் பார்ப்பவன். முகாம்களில் டார்ச் பிடித்து நின்றிருக்கிறேன். முகாம் முடிந்தபின் நீங்கள் எழுதும் அறிக்கைகளையும் படித்து வருகிறேன். பெரும்பாலான அறிக்கைகள் ஒரே மாதிரிதான் இருக்கும். 'பரிசோதிக்கப்பட்டோர்' என்ற எண் மேலே தடித்த எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே 'மேல்சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்டோர்' என்று ஒரு சின்ன எண். அதோடு அறிக்கை முடிந்துவிடும். பரிந்துரைக்கப்பட்டவர்களில் எத்தனை பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், எத்தனை பேருக்குத் திசுப் பரிசோதனை நடந்தது, முடிவு என்ன வந்தது என்பதற்குக் கட்டமே இருக்காது.

அந்தக் கட்டத்தைக் கேட்டுத்தான் இந்த மடல். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைப் பேசியாக வேண்டும். யாருடைய வாயைப் பார்க்கிறோம் என்பது ஒன்று. அந்த வாயில் எந்த இடத்தைப் பார்க்கிறோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டும் சரியில்லை என்றால் பரிந்துரைச் சீட்டே தவறான கைக்குத்தான் போகும்.

கண்ணால் பார்க்கும் எளிய வாய்ப் பரிசோதனைக்கு உயிரைக் காப்பாற்றும் பலன் உண்டா என்பதைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு. 13 ஊராட்சிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஏழில் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களை வீடு வீடாகத் தேடிப்போய் வாயைப் பார்த்தார்கள். மற்ற ஆறில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். பார்த்தவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற பட்டதாரிகள். 2005இல் வெளியான முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, வாய்ப்புற்றுநோய்ச் சாவுகளில் தெரிந்த குறைவு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. ஆனால் புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால், பரிசோதனை நடந்த ஊராட்சிகளில் சாவு 34 விழுக்காடு குறைவு.

இதன் பொருள் நேரானது. பழக்கம் இல்லாத ஆயிரம் பேரின் வாயை வரிசையில் நிறுத்திப் பார்ப்பதால் பெரிதாக எதுவும் நடந்துவிடாது. மெல்லுகிறவர்களின் வாயைப் பார்க்க வேண்டும். அவர்கள்தான் உங்கள் பந்தலுக்கு வருவதில்லை.

வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு மண்டபத்தில் முகாம் போட்டால் யார் வருவார்கள்? பல்வலிக்காரர்கள் வருவார்கள், பல் சுத்தம் செய்துகொள்ள நினைப்பவர்கள் வருவார்கள், பள்ளியிலிருந்து பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவார்கள். எண்ணிக்கை நன்றாகவே ஏறும். புகையிலையை வாயில் அடக்கிக்கொண்டு மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலைக்காரர், இரவெல்லாம் வண்டி ஓட்டி வந்து தூங்குகிறவர், வெற்றிலைப்பெட்டியோடு திண்ணையில் இருக்கும் பாட்டி, இவர்கள் யாரும் அந்த நேரத்தில் அங்கே இருக்க மாட்டார்கள். அதனால் முகாமை அவர்கள் இருக்கும் இடத்துக்கு, அவர்கள் ஓய்ந்திருக்கும் நேரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்னால் ஆட்கள் கூடும் இடம் ஒரு வழி. வீட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவது இன்னொரு வழி. திருவனந்தபுரத்தில் செய்தது இந்த இரண்டாவதுதான்.

அப்புறம், கேள்வி கேட்கும் விதம். "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். அது பொய்கூட இல்லை. பலருக்குப் புகையிலைப் பழக்கம் என்றால் பீடியும் சிகரெட்டும்தான். வெற்றிலை போடுவது அவர்கள் கணக்கில் சாப்பாட்டின் ஒரு பகுதி. புகையிலை கலந்த பொடியால் பல் தேய்க்கிறவர் அதைப் பல்பொடி என்றே நினைக்கிறார். பாக்கை மட்டும் மெல்லுகிறவர் தனக்கு ஆபத்தே இல்லை என்று நினைக்கிறார். இவர்களில் கடைசியாகச் சொன்னவரைப் பல முகாம் படிவங்களும் அப்படியே விட்டுவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே இதில் முடிவு சொல்லிவிட்டது: பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், புகையிலை சேர்க்காத வெற்றிலைச் சுருளும் அப்படியே. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் படிவத்தில் பாக்குக்குத் தனிக் கட்டம் இல்லை என்றால் அது சோம்பல், வேறொன்றுமில்லை.

நான் கேட்கும் வரிசை இப்படி இருக்கும். வெற்றிலை போடுவீர்களா? பாக்கு மட்டும் மெல்லுவது உண்டா? கூட என்ன சேர்ப்பீர்கள்? பொட்டலத்தில் வாங்கும் எதையாவது போடுவீர்களா? எந்தப் பக்கம் அடக்குவீர்கள்? தூங்கும்போதும் வாயில் இருக்குமா? இந்தக் கடைசி இரண்டு கேள்விகளும் மிக முக்கியம். டார்ச்சை முதலில் எங்கே அடிக்க வேண்டும் என்பதை அவையே சொல்லிவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். அடக்கும் பொருள் பெரும்பாலும் உட்காரும் இடம், கீழ் ஈறும் கன்னமும் சேரும் பள்ளம். எச்சில் அங்கே தேங்கும். சுண்ணாம்பு அந்த இடத்தின் காரத்தன்மையை ஏற்றும்; காரம் ஏறினால் நிகோடின் சவ்வின் வழியே எளிதாக உள்ளே புகும். அடக்கினால் 'ஏறுகிறது' என்று சொல்வது இதனால்தான். புகையிலையைப் பதப்படுத்தும்போது உருவாகும் நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய்ப் பொருட்களும் அந்த எச்சிலில் கரைந்து அதே சவ்வில் மணிக்கணக்கில் படிந்திருக்கும். பாக்கின் முரட்டு நார் வேறு சவ்வை உரசிக்கொண்டே இருக்கும். மேலை நாடுகளில் வாய்ப்புற்று அதிகம் வருவது நாக்கிலும் நாக்கின் அடியிலும். மெல்லும் பழக்கமுள்ள நம் பகுதிகளில் கன்னத்தின் உட்புறமும் கீழ் ஈறும் முன்னால் நிற்கின்றன. "நாக்கை நீட்டுங்கள், ஆ சொல்லுங்கள், சரி போங்கள்" என்று முடிக்கும் பரிசோதனை இந்த இடத்தைத் தொடுவதே இல்லை. வாயை அகலத் திறக்கும்போது கன்னம் ஈறோடு ஒட்டிக்கொள்ளும், பள்ளம் மறைந்துவிடும். பாதி திறந்த வாயில், கன்னத்தை வெளிப்பக்கமாக இழுத்துப் பிடித்தால்தான் அது தெரியும்.

ஒரு பரிசோதனையை முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறேன். அறுபதை நெருங்கும் ஓர் அம்மா. இளவயதிலிருந்தே வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. இடது பக்கம் அடக்குவார். இரவில் ஒரு துணுக்கு வாயிலேயே இருக்கும், அது இல்லாமல் தூக்கம் வராது. வாயில் ஒன்றும் தொந்தரவு இல்லை என்றார். மருமகள் கட்டாயப்படுத்தி உட்கார வைத்திருந்தாள்.

முதல் வேலை, வாயில் இருப்பதைத் துப்பச் சொல்லி நன்றாகக் கொப்பளிக்க வைப்பது. இதைத் தவிர்த்தால் எல்லாமே தப்பாகும். வெற்றிலைச் சாயம் சவ்வில் செங்காவி நிறத்தில் படிந்திருக்கும். சில இடங்களில் பொருக்குப் பொருக்காக ஒட்டியிருக்கும். பழகாத கண்ணுக்கு அதுவே நோய் மாதிரித் தெரியும். இல்லாவிட்டால் உண்மையான சிவப்புத் திட்டை அது மறைத்துவிடும். கொப்பளித்த பிறகும் ஒட்டியிருப்பதை ஈரத் துணித்துண்டால் துடைத்துப் பார்க்க வேண்டும். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்ல வேண்டும். தயங்குவார்கள், கொஞ்சம் மறைவாக உட்கார வைத்தால் கழற்றுவார்கள். அந்த அம்மாவுக்குப் பல்செட் இல்லை.

முதலில் வெளியே முகத்தையும் கழுத்தையும் பார்த்தேன், வீக்கம் இல்லை. உதடுகளை மடித்து உள்பக்கம் பார்த்தேன். பிறகு வலது கன்னம். அவர் அடக்குவது இடது பக்கம் என்று தெரிந்திருந்தும் வலது பக்கத்தில்தான் தொடங்கினேன். ஒருவருடைய வாயில் இயல்பான சவ்வு எப்படி இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டால் மாறியிருப்பது உடனே கண்ணில் படும். மரக்கரண்டி இரண்டு, ஒன்று கன்னத்தை இழுக்க, மற்றது நாக்கை ஒதுக்க. வாயோரத்திலிருந்து கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் வரை, மேல் பள்ளம், கீழ் பள்ளம். வலது பக்கம் சுத்தம். கடிகோட்டில் மெல்லிய வெள்ளை வரி மட்டும். அது பலருக்கும் இருப்பது, பல் உரசுவதால் வருவது.

இடது பக்கம் கீழ்ப் பள்ளத்தில் சுருக்கம் விழுந்த வெள்ளைத் திட்டு இருந்தது. நீளம் சுமார் 25 மில்லிமீட்டர். துணியால் துடைத்தேன், வரவில்லை. பூஞ்சைப் படலம் என்றால் வழித்தால் பெரும்பாலும் வந்துவிடும். இதுவரை பார்த்தது, புகையிலை வைக்கும் இடத்தில் பலருக்கும் வருவதுதான். பழக்கத்தை விட்டால் சில வாரங்களில் மறைந்துவிடக்கூட வாய்ப்புண்டு. ஆனால் திட்டின் பின்கோடியில், ஒரு பட்டாணி அளவுக்கு, வெள்ளை இல்லை. வெல்வெட் மாதிரிச் சிவந்து, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. கையுறை விரலால் தொட்டுப் பார்த்தேன். சுற்றியிருக்கும் சவ்வு மெத்தென்று இருக்க, அந்த இடம் மட்டும் அடியில் கெட்டியாக விரலில் தட்டியது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.

பயிற்சி வகுப்புகளில் வெள்ளைத் திட்டின் படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுகிறோம். களப்பணியாளர் மனத்தில் 'வெள்ளை என்றால் ஆபத்து' என்று பதிந்துவிடுகிறது. வெள்ளையைவிடச் சிவப்பு மோசம். வெள்ளையும் சிவப்பும் கலந்திருந்தாலும் கவலைப்பட வேண்டும். கெட்டிப்பட்ட இடம் எந்த நிறத்தில் இருந்தாலும் உடனே அனுப்ப வேண்டியதுதான். அதனால்தான் விரலால் தொட்டுப் பார்க்காத பரிசோதனையைப் பாதிப் பரிசோதனை என்கிறேன். மிச்சப் பாதியை டார்ச் பார்க்காது.

இடது பக்கத்தில் ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடக் கூடாது. நாக்கின் நுனியைத் துணித்துண்டால் பிடித்து முன்னால் இழுத்து, இரண்டு ஓரங்களையும் பின்னால் வரை பார்த்தேன். நாக்கைத் தூக்கி அடிப்பகுதி, பிறகு மேலண்ணம், தொண்டை. ஆண்டுக்கணக்கில் இந்தச் சாற்றிலேயே ஊறிய வாய் முழுவதுமே மாற்றத்துக்குத் தயாராக இருக்கும். இரண்டாவது இடம் கிடைப்பது அபூர்வம் இல்லை. கடைசியாகத் தாடையின் அடியிலும் கழுத்திலும் நெறிகட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இல்லை. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகவில்லை.

இன்னொரு வகையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் முகாம்களில் அதிகம் தவறவிடுகிறோம். பொட்டலப் பாக்கு போடும் இளைஞர்கள். இவர்கள் வாயில் திட்டும் இருக்காது, புண்ணும் இருக்காது. "காரம் சாப்பிட்டா எரியுது" என்பார்கள். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைக் கூடுதலாக உண்டாக்குகிறது. உண்டானது கரையவும் விடுவதில்லை. சவ்வு வெளுத்து, சலவைக்கல் நிறத்துக்கு வரும். கன்னத்துக்குள் விரல் வைத்தால் மேலிருந்து கீழாகக் கயிறு மாதிரி இழுத்துப் பிடிக்கும். வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகும். பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அவருடைய மூன்று விரல்களை அடுக்கி, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் அளவுகோலால் அளந்து எழுதுங்கள். 35 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அனுப்ப வேண்டும். இந்த நார் இறுக்கம் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவதைத் தடுக்கலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இவர்களில் நூற்றுக்கு நான்கைந்து பேருக்குப் புற்று வருகிறது. போதாக்குறைக்கு, வாய் திறக்காதவருக்குப் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நம்மால் பார்க்கவும் முடியாது. வாய் திறக்கவில்லை என்பதால் 'பார்க்க முடியவில்லை' என்று எழுதி அனுப்பிவிடும் படிவங்களைக் கண்டிருக்கிறேன். அது பார்க்க முடியாத வாய் இல்லை ஐயா, முதலில் அனுப்ப வேண்டிய வாய்.

எல்லாவற்றையும் அனுப்பவும் கூடாது. கூட்டம் கூட்டமாக அனுப்பினால் மருத்துவமனையில் இருப்பவர்கள் உங்கள் சீட்டை மதிக்க மாட்டார்கள். அனுப்பப்பட்டவரும் வெறும் வாய்ப்புண்ணுக்கு ஒருநாள் கூலியை இழந்தோம் என்று ஊரில் சொல்வார், அடுத்த முறை நீங்கள் போனால் கதவு திறக்காது. சாதாரண வாய்ப்புண் வலிக்கும், இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். உடைந்த பல்லின் முனை குத்தி வந்த புண் என்றால் அந்த முனையைத் தேய்த்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே இடத்தைப் பார்க்க வேண்டும். ஆறாமல் இருந்தால் அதன்மேல் காத்திருக்க எதுவும் இல்லை. ஆனால் 'இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம்' என்று வாயால் சொல்வதற்கும், தேதி போட்டு யார் போய்ப் பார்ப்பது என்று பெயர் எழுதுவதற்கும் இடையில்தான் பலர் காணாமல் போகிறார்கள்.

சரி, அந்த அம்மாவிடம் வருகிறேன். திசுப் பரிசோதனை வேண்டும் என்றேன். "வலியே இல்லையே தம்பி, அப்புறம் எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் தயாராகப் பதில் இல்லை என்றால் மற்ற எல்லாம் வீண். ஆரம்பத்தில் வலிக்காது என்பதே இந்த நோயின் சூது. வலிக்கிற புண்ணோடு ஆட்கள் தாங்களாகவே மருத்துவரிடம் போய்விடுகிறார்கள். அவர்களுக்கு முகாமே தேவையில்லை. வலிக்காதவரைத் தேடித்தான் நாம் போகிறோம். அப்படியென்றால் நம் பரிந்துரையில் பெரும்பகுதி, தனக்கு ஒன்றுமில்லை என்று முழுதாக நம்புகிறவருக்குத்தான் போகும். அவர் கையில் சீட்டைக் கொடுத்துவிட்டு 'சொல்லிவிட்டோம்' என்று கிளம்புவது எப்படிப் போதும்?

திருவனந்தபுரம் ஆய்வில் 5,145 பேரின் வாயில் சந்தேகத்துக்குரிய மாற்றம் தென்பட்டது. அவர்களில் மருத்துவரிடம் போனவர்கள் 3,218 பேர், அதாவது 63 விழுக்காடு. திட்டமிட்டு, ஆள் வைத்து, வீடு தேடிப் போய் நடத்திய ஆய்விலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானோர் போகவே இல்லை. ஒரு நாள் பந்தல் போட்டுக் கலையும் முகாமில் எத்தனை பேர் போவார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நினைக்கத்தான் முடியும், ஏனென்றால் எண்ணவில்லையே.

அந்த அம்மாவிடம் இன்னொரு பயமும் இருந்தது. மருமகள் தனியாக வந்து சொன்னாள்: கத்தி பட்டால் பரவிவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சு எல்லா ஊரிலும் உண்டு, அது வெறும் மூடநம்பிக்கையால் மட்டும் வந்ததில்லை. முற்றிய நிலையில் மருத்துவமனைக்குப் போனவருக்குத் திசு எடுத்திருப்பார்கள், சில மாதங்களில் இறந்திருப்பார். பார்த்தவர்கள் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருப்பார்கள். அதைக் கேலி செய்து பயனில்லை. மரத்துப்போக ஊசி போட்டு, அரிசி அளவுக்குச் சற்றே பெரிய துண்டை எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல் போடுவார்கள், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம், எடுப்பதால் பரவாது, எடுக்காவிட்டால் என்ன நோய் என்றே தெரியாது என்று நடப்பதை நடக்கிறபடி சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனது என் விளக்கம் இல்லை. அந்தப் பகுதிச் செவிலியர் அங்கேயே தொலைபேசியில் தேதி வாங்கி, அந்தத் தேதியில் தானே கூட வருவதாகச் சொன்னார், வந்தார். எந்த அறை, யாரைப் பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தது பெரிய விஷயம்.

பரிந்துரைச் சீட்டில் நான் ஒரு வாய்ப்படம் வரைந்திருந்தேன். இடது கீழ்ப் பள்ளம், வெள்ளைத் திட்டு 25 மில்லிமீட்டர், அதன் பின்கோடியில் சிவந்து கெட்டிப்பட்ட இடம். இது அழகுக்காக இல்லை. திசுவை எந்த இடத்திலிருந்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவே மாறும். வெள்ளைப் பகுதியில் எடுத்திருந்தால் 'சாதாரணத் தடிப்பு' என்று வந்து, அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கக்கூடும். சிவந்த இடத்தில் எடுத்தார்கள். ஆரம்ப நிலைப் புற்று என்று வந்தது. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு, ஆழமும் அதிகம் இல்லை, கழுத்தில் பரவவில்லை. அறுவைச் சிகிச்சையோடு முடிந்தது, கதிர்வீச்சு தேவைப்படவில்லை. இன்றும் குறித்த தேதிகளில் வாயைக் காட்ட வருகிறார். புகையிலையை விட்டுவிட்டார், பாக்கை விட வைப்பதில் இன்னும் இழுபறிதான்.

'வாயில் மாற்றம் உள்ளது, மேல்சிகிச்சைக்கு அனுப்புக' என்று ஒற்றை வரியில் எழுதப்பட்ட சீட்டைப் பெற்றிருந்தால், நெரிசலான புறநோயாளிப் பிரிவில் அந்தப் பட்டாணி அளவு இடத்தை யாரும் தேடியிருப்பார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னும் ஒன்று. ஒரே ஒருமுறை பார்த்துவிட்டு ஊரை முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். திருவனந்தபுரம் ஆய்வின் 15 ஆண்டு முடிவுகள் பின்னர் வந்தன. பழக்கமுள்ளவர்களில் சாவு 24 விழுக்காடு குறைந்திருந்தது. பழக்கமிருந்து, நான்கு சுற்றுப் பரிசோதனைக்கும் தவறாமல் வந்தவர்களிடம் அந்தக் குறைவு 81 விழுக்காடு. இந்த இரண்டாவது எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது; நான்கு முறையும் வருகிறவர் மற்ற விதத்திலும் தன் உடம்பைக் கவனிக்கிறவராக இருப்பார். இருந்தாலும் அது சொல்லும் திசை தெளிவு. இந்தியாவில் 2016இல் வந்த அரசு வழிகாட்டுதலும் 30 முதல் 65 வயது வரையுள்ளவர்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாயைப் பார்க்கச் சொல்கிறது. நடைமுறை எங்கே நிற்கிறது? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் வாய்ப்புற்றுக்காகப் பரிசோதித்துக்கொண்டதாகச் சொன்னவர்கள், பெண்களில் 0.9 விழுக்காடு, ஆண்களில் 1.2 விழுக்காடு. இந்த இடைவெளியைப் பார்த்து மலைத்து, எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில்தான் 'ஒரே நாளில் இத்தனை ஆயிரம் பேர்' என்ற முகாம்கள் பிறக்கின்றன. ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒரு பரிசோதகர் ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பேரைப் பார்க்கலாம். அறிக்கையிலுள்ள எண்ணைப் பரிசோதகர்களின் எண்ணிக்கையாலும் நேரத்தாலும் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு முப்பது விநாடி என்று வந்தால், அங்கே கன்னத்தை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

பரிசோதித்ததில் ஒன்றும் இல்லை என்று அனுப்பும்போதும் ஒரு வார்த்தை வேண்டும். 'வாய் நன்றாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பப்பட்டவர், மெல்லுவதற்கு மருத்துவரே அனுமதி கொடுத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்குக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். சவ்வுக்குள் நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் மாற்றங்களை டார்ச் காட்டாது. இதையும் சொல்லி, கண்ணாடி முன் நின்று மாதம் ஒருமுறை தானே பார்த்துக்கொள்ளவும், இரண்டு வாரத்தில் ஆறாத எதையும் கொண்டுவந்து காட்டவும் சொல்லி அனுப்ப வேண்டும்.

இனி நான் கேட்பது. உங்கள் அறிக்கைப் படிவத்தில் 'பரிசோதிக்கப்பட்டோர்' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'அவர்களில் மெல்லும் பழக்கமுள்ளோர்' என்று ஒரு கட்டம் போடுங்கள். பாக்கு மட்டும் மெல்லுவோரும் அதில் சேர வேண்டும். 'பரிந்துரைக்கப்பட்டோர்' என்பதற்கு அடுத்து, 'மருத்துவமனைக்குப் போனோர்', 'திசுப் பரிசோதனை முடிந்தோர்', 'சிகிச்சை தொடங்கியோர்' என்று மூன்று கட்டங்கள். முகாம் முடிந்த மறுநாள் இவை காலியாகத்தான் இருக்கும். அதனால் அறிக்கையை மறுநாளே முடிக்காதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒருமுறை நிரப்பி வெளியிடுங்கள். அந்த மூன்று மாதமும் பட்டியலைக் கையில் வைத்திருந்து, போகாதவரின் வீட்டுக்குப் போய் ஏன் போகவில்லை என்று கேட்க ஒருவரை நியமியுங்கள். பந்தலுக்கும் பதாகைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அவருடைய போக்குவரத்துக்கு மாற்றினால் போதும்.

நிரப்பப்பட்ட படிவம் ஒன்றையாவது அனுப்பிவையுங்கள். எண்கள் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாய்நோய் மருத்துவர் ஒருவர்